முன்னெச்சரிக்கையும் நடுநிலையும்: நிதி அறிக்கைகளில் இரகசியக் காப்புகளின் வரலாறு

முன்னெச்சரிக்கை என்பது கணக்கியலின் பழைய மரபுகளுள் ஒன்றாகும். வர இருக்கும் இலாபத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்க்கக் கூடாது, வரக்கூடிய நட்டத்துக்கு மட்டும் இப்போதே ஒதுக்கு செய்ய வேண்டும் என்பது இதன் சுருக்கம். நடுநிலை என்பது மற்றொரு பண்பு. அறிக்கையைப் படிப்பவரை எந்தப் பக்கமும் சாய்க்காமல், உள்ள நிலையை உள்ளவாறே காட்டுவது அதன் பொருள். இவ்விரண்டும் ஒத்துப்போகும் என்றே கணக்காளர்கள் நெடுங்காலம் நம்பினர். இலாபத்தைக் குறைத்துக் காட்டுவதால் யாருக்கும் தீங்கு இல்லை என்பது அவர்களது எண்ணம். 1931-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த இராயல் மெயில் வழக்கு அந்த எண்ணத்தை அசைத்தது. ஓர் ஆண்டில் குறைத்துக் காட்டிய இலாபம் பின்னொரு ஆண்டில் மிகைப்பட்ட இலாபமாகத் திரும்பி வரும் என்பதை அவ்வழக்கு பொதுமக்கள் முன் வைத்தது.

முன்னெச்சரிக்கை மரபு வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியக் கூட்டுப் பங்கு நிறுவனங்களின் கணக்கைப் பெரிதும் எதிர்பார்த்தவர்கள் கடன் கொடுத்தவர்கள். நிறுவனம் முறிந்தால் தங்கள் பணத்துக்கு ஈடாக என்ன இருக்கும் என்பதே அவர்களது முதல் கேள்வி. அவர்கள் நோக்கில், இருப்புநிலைக் குறிப்பு சொத்தைக் கூட்டிக் காட்டினால் ஆபத்து. குறைத்துக் காட்டினால் ஆபத்து இல்லை. எனவே சரக்கிருப்பை அடக்கவிலை, சந்தைவிலை ஆகிய இரண்டில் குறைந்ததைக் கொண்டு மதிப்பிடுவதும், ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைப்பதும் வழக்கமாயின.

இயக்குநர்களின் இயல்பும் இம்மரபுக்கு வலுவூட்டியது. தாம் நடத்தும் தொழிலைப் பற்றி நல்லதையே நினைப்பது மனித இயல்பு. இலாபத்தைப் பொறுத்து ஊதியம் பெறுபவருக்கு அந்த நினைப்பு இன்னும் வலுவாக இருக்கும். அந்தச் சாய்வுக்கு எதிர் எடையாக முன்னெச்சரிக்கை பயன்பட்டது. இது நியாயமான காரணமே. ஆனால் எதிர் எடையை எவ்வளவு வைப்பது என்பதற்கு அளவு எதுவும் வகுக்கப்படவில்லை. அதை முடிவு செய்யும் உரிமை, யாரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அதே இயக்குநர்களின் கையில் இருந்தது.

1906-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம், பங்குதாரர்களுக்குத் தெரியாத ஓர் உள் காப்பு நிதியை இயக்குநர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும், தணிக்கையாளர் அதை வெளியிடக் கூடாது என்றும் விதி இயற்ற முற்பட்டது. நியூட்டன் என்ற பங்குதாரர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1906-இல் நீதிபதி பக்லி தீர்ப்பளித்தார். தணிக்கையாளரின் வாயை அடைக்கும் விதி செல்லாது என்று அவர் கூறினார். ஆனால் இரகசியக் காப்பு வைப்பதை அவர் தவறாகக் கருதவில்லை. நிறுவனத்தின் நிலை குறைந்தது இந்த அளவுக்காவது நன்றாக உள்ளது என்று காட்டுவதே இருப்புநிலைக் குறிப்பின் நோக்கம்; அதைவிட நன்றாக இல்லை என்று காட்டுவது அதன் வேலை அன்று என்பது அவர் கருத்தின் சாரம்.

அக்காலத்து முன்னெச்சரிக்கைக் கொள்கை முழுவதும் இந்தக் கருத்தில் அடங்கிவிடுகிறது. இதன்படி குறைவாகக் காட்டுவது ஒரு குற்றமே அன்று. ஆனால் இத்தீர்ப்பு ஒரே ஒரு நாளின் இருப்புநிலைக் குறிப்பை மட்டும் கருத்தில் கொண்டது. காப்பு சேர்ந்த ஆண்டில் நிறுவனம் காட்டியதைவிட நல்ல நிலையில் இருக்கும், அது உண்மை. அந்தக் காப்பு கரையும் ஆண்டில் இலாபம் எப்படித் தோன்றும் என்ற கேள்வி அப்போது முன்னெழவில்லை. அது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் குற்றவியல் நீதிமன்றத்தில் எழுந்தது.

இராயல் மெயில் நிறுவனம்

இராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் கம்பெனி 1839-இல் அரச சாசனம் பெற்றுத் தொடங்கிய கப்பல் நிறுவனம். மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பின்னர் தென் அமெரிக்காவுக்கும் அஞ்சல் கொண்டுசென்றது. 1903-இல் ஓவன் பிலிப்ஸ் இதன் தலைவரானார். 1923-இல் அவர் கில்சான்ட் பிரபு என்ற பட்டம் பெற்றார். அவர் காலத்தில் நிறுவனம் பல கப்பல் நிறுவனங்களின் பங்குகளை வாங்கிப் பெருங்குழுமமாக வளர்ந்தது. டைட்டானிக் கப்பலின் உரிமையாளராக இருந்த ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தையும் 1927-இன் தொடக்கத்தில் 70 இலட்சம் பவுண்டுக்கு இக்குழுமம் வாங்கியது.

முதல் உலகப் போர்க்காலத்தில் கப்பல்களுக்குக் கடும் தேவை இருந்தது. வாடகை உயர்ந்தது, இலாபமும் பெருகியது. அந்த இலாபத்தின்மேல் பிரித்தானிய அரசு 1915-இல் மிகை இலாப வரியை விதித்தது. வரி எவ்வளவு என்பது உடனே முடிவாகாது. கணக்குகள் தீர ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே நிறுவனம் எச்சரிக்கையுடன் பெருந்தொகையை வரிக்கென ஒதுக்கி வைத்தது. இறுதியில் செலுத்த வேண்டிய வரி, ஒதுக்கியதைவிடக் குறைவாக அமைந்தது. மீதித் தொகை வரி ஒதுக்கின் பெயரிலேயே கணக்குக்குள் தங்கியது. அது உண்மையில் பங்குதாரர்களின் இலாபம். ஆனால் அவர்களுக்கு அது தெரியாது.

போருக்குப் பின் கப்பல் தொழில் சரிந்தது. உலகில் கப்பல்கள் மிகுந்தன, சரக்கு குறைந்தது. 1921 முதல் இந்நிறுவனம் தன் தொழிலில் நட்டம் கண்டது. ஆனால் ஆண்டறிக்கைகள் அதைச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் மறைத்து வைத்த காப்புகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து இலாப நட்டக் கணக்கில் சேர்த்தனர். அறிக்கையில் இலாபம் தோன்றியது; பங்காதாயமும் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் எச்சரிக்கை என்ற பெயரில் சேர்த்த அதே பணம், இப்போது நட்டத்தை இலாபமாகக் காட்டப் பயன்பட்டது. புதிதாக எந்தப் பொய்க் கணக்கும் எழுதப்படவில்லை. முன்பு குறைத்து எழுதியதைத் திருப்பி எழுதினாலே போதுமானதாக இருந்தது.

1931-ஆம் ஆண்டு வழக்கு

அரசு உத்தரவாதத்துடன் பெற்ற கடன்களைத் திருப்பிச் செலுத்த நிறுவனம் கூடுதல் காலம் கேட்டபோது, அதன் கணக்குகளை ஆராய வில்லியம் மக்லின்டாக் என்ற கணக்காளரை அமர்த்தினர். அவரது ஆய்வில் உண்மை வெளிவந்தது. 1931 ஜூலையில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நீதிபதி ரைட் முன்னிலையில் விசாரணை நடந்தது. கில்சான்ட் பிரபுவும், பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்த ஹரோல்ட் ஜான் மோர்லண்டும் குற்றம் சாட்டப்பட்டனர்.

குற்றச்சாட்டுகள் இரண்டு வகைப்பட்டவை. முதலாவது, 1926, 1927 ஆகிய இரு ஆண்டுகளின் கணக்குகள் தவறான எண்ணம் தருபவை என்பது. இரண்டாவது, கில்சான்ட் மீது மட்டும் சுமத்தப்பட்டது. 1928-இல் 20 இலட்சம் பவுண்டுக்குக் கடனீட்டுப் பத்திரம் வெளியிட்டபோது முதலீட்டாளர்களுக்குத் தந்த வெளியீட்டு அறிக்கை பொய்யானது என்பது அது.

முதல் குற்றச்சாட்டில் ஒரு சிறிய சொற்றொடர் முதன்மை பெற்றது. 1926-ஆம் ஆண்டுக் கணக்கில் அவ்வாண்டின் மிச்சத் தொகையை விளக்கும் வரியில் "வரிக் காப்புகளின் சரிக்கட்டல்" என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. காப்பிலிருந்து பணம் எடுக்கப்பட்டது என்பதற்கு அறிக்கையில் இருந்த அடையாளம் அது ஒன்றே. எவ்வளவு எடுக்கப்பட்டது, அதை எடுக்காவிட்டால் இலாபமா நட்டமா என்பன எதுவும் இல்லை. அக்காலத்தின் மதிப்புமிக்க கணக்காளரான பிளெண்டர் பிரபு எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து, நன்மதிப்புள்ள நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன என்றார். தொழில் வழக்கமே அப்படி இருந்ததால், இவ்விரு ஆண்டுகளின் கணக்குகளைப் பொறுத்த குற்றச்சாட்டிலிருந்து இருவரும் விடுவிக்கப்பட்டனர்.

வெளியீட்டு அறிக்கை பற்றிய குற்றச்சாட்டு வேறு விதமாக முடிந்தது. கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி மிச்சத் தொகை, புதிய கடனுக்கான வட்டியைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது என்று அந்த அறிக்கை கூறியது. பல ஆண்டுகள் தொடர்ந்து வழங்கிய பங்காதாய விகிதங்களையும் அது பட்டியலிட்டது. இவற்றில் எந்த எண்ணும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளின் முற்பகுதி போரையொட்டிய செழிப்பான காலம். பிற்பகுதி நட்டக் காலம். சராசரி என்ற ஒற்றை எண் அந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டது. 1921-க்குப் பிறகு தொழிலில் பெருநட்டம் ஏற்பட்டதும், பங்காதாயம் பழைய காப்பிலிருந்து வந்ததும் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு வரியும் மெய்யாக இருந்தும் மொத்தம் பொய்யாக இருக்கக்கூடும் என்று நீதிமன்றம் ஏற்றது. கில்சான்டுக்குப் பன்னிரண்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அவரது மேல்முறையீடும் தள்ளுபடியானது.

எண்களில் ஒரு விளக்கம்

காப்பு சேர்வதும் கரைவதும் இலாபத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஒரு கற்பனைக் கடையின் கணக்கால் காணலாம். அக்கடைக்கு ஆண்டு முடிவில் எப்போதும் 100 இலட்ச ரூபாய் கடனாளிகளிடமிருந்து வர வேண்டியுள்ளது. நீண்ட அனுபவத்தில் நூற்றுக்கு நான்கு வாராமல் போகிறது. ஆகவே சாய்வற்ற மதிப்பீட்டின்படி ஐயக்கடன் ஒதுக்கு 4 இலட்சம். "எதற்கும் கூடுதலாக இருக்கட்டும்" என்று கருதும் கணக்காளர் 10 இலட்சம் ஒதுக்குகிறார். தொழில் தொடங்கிய ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஒதுக்குக்கு முந்தைய இலாபம் 20 இலட்சம்; மூன்றாம் ஆண்டில் வியாபாரம் படுத்து, அது 6 இலட்சமாகக் குறைகிறது.

முதல் ஆண்டில் நடுநிலைக் கணக்கு 16 இலட்சம் இலாபம் காட்டும். எச்சரிக்கைக் கணக்கு 10 இலட்சம் காட்டும். இரண்டாம் ஆண்டில் 4 இலட்சம் வாராக்கடனாகப் போகிறது; ஒதுக்கைப் பழைய அளவுக்குக் கொண்டுவர இரு கணக்குகளிலும் 4 இலட்சமே தேவை. எனவே இரண்டிலும் இலாபம் 16 இலட்சம். மூன்றாம் ஆண்டில் மீண்டும் 4 இலட்சம் போகிறது. நடுநிலைக் கணக்கில் 4 இலட்சத்தை மீண்டும் ஒதுக்கியபின் எஞ்சும் இலாபம் 2 இலட்சம். எச்சரிக்கைக் கணக்கில் 10 இலட்சத்தில் 4 போக 6 இலட்சம் மீதி உள்ளது. கணக்காளர் இப்போது "4 இலட்சம் போதும்" என்று முடிவு செய்கிறார். அதனால் புதிய ஒதுக்கு தேவைப்படவில்லை. மாறாக 2 இலட்சம் இலாபத்துக்குத் திரும்புகிறது. காட்டப்படும் இலாபம் 8 இலட்சம்.

மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகை இரு கணக்குகளிலும் 34 இலட்சமே. முன்னெச்சரிக்கையால் ஒரு ரூபாய் கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஓர் ஆண்டிலிருந்து மற்றோர் ஆண்டுக்கு நகர்ந்தது, அவ்வளவே. ஆனால் படிப்பவருக்குக் கிடைக்கும் கதை வேறு. நடுநிலைக் கணக்கு 16, 16, 2 என்று சொல்லித் தொழில் சரிந்ததை அறிவிக்கிறது. மற்றது 10, 16, 8 என்று சொல்லி, சற்றுத் தொய்வு மட்டும் ஏற்பட்டதாகத் தோன்றச் செய்கிறது. முதல் ஆண்டு முடிவில் குறைந்த இலாபத்தைக் கண்டு பங்கை மலிவாக விற்றவர் ஏமாந்தார். மூன்றாம் ஆண்டு முடிவில் 8 இலட்சத்தை நம்பி வாங்கியவரும் ஏமாந்தார். ஒதுக்கு எப்போது சேர்ந்தது, எப்போது கரைந்தது என்பதை அறிந்திருந்தவர்கள் உள்ளே இருந்தவர்கள் மட்டுமே.

மிகை ஒதுக்கு எப்போதும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. முதல் ஆண்டில் 10 இலட்சம் ஒதுக்கியவர் உண்மையிலேயே அஞ்சியிருக்கலாம். இருந்தும் அந்த மதிப்பீடு சாய்வுடையதே. நூற்றுக்கு நான்கு என்ற அனுபவம் கையில் இருக்கையில் அதைப்போல் இரண்டரை மடங்கை எழுதியவர், தாம் நம்பாத ஓர் எண்ணை அறிக்கையில் வைக்கிறார்.

சட்டத்தில் வந்த மாற்றம்

வழக்குக்குப் பின் பிரித்தானியத் தணிக்கையாளர்கள் தாமாகவே எச்சரிக்கையானார்கள். காப்பிலிருந்து எடுத்த தொகை பெரிதாக இருந்தால் அதைத் தனியே காட்டும்படி கேட்கத் தொடங்கினர். சட்டம் மாறக் கூடுதல் காலம் பிடித்தது. 1948-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் ஒதுக்கையும் காப்பையும் தெளிவாகப் பிரித்தது. தெரிந்த பொறுப்புக்குத் தேவைப்படும் அளவு வைப்பதே ஒதுக்கு; தேவைக்கு மேற்பட்டது காப்பாகவே காட்டப்பட வேண்டும். காப்பிலிருந்து இலாப நட்டக் கணக்குக்கு மாற்றப்படும் தொகையும் வெளிப்பட வேண்டும்.

ஆனால் அதே சட்டம் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், கப்பல் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இவ்விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. வங்கியின் நட்டம் வெளியே தெரிந்தால் வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடி வருவார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணம். இராயல் மெயில் போன்ற கப்பல் நிறுவனமே இந்த விலக்கைப் பெற்றிருக்கும் என்பது, இரகசியக் காப்பின் மீதான நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

1989, 2010, 2018: அனைத்துலகச் சட்டகத்தில் விவாதம்

நாடுகளுக்குப் பொதுவான கணக்கீட்டுத் தரங்களை வகுக்கும் குழு 1989-இல் ஒரு கருத்துச் சட்டகத்தை வெளியிட்டது. அதில் முன்னெச்சரிக்கை இடம்பெற்றது. உறுதியற்ற நிலையில் மதிப்பிடும்போது சொத்தும் வருமானமும் மிகைப்படாமலும், பொறுப்பும் செலவும் குறைவுபடாமலும் பார்த்துக்கொள்ளும் எச்சரிக்கை என்று அது விளக்கப்பட்டது. உடனே ஒரு வரம்பும் சேர்க்கப்பட்டது: மறைமுகக் காப்புகளையும் மிகையான ஒதுக்குகளையும் ஏற்படுத்த இது இடம் தராது, ஏனெனில் அவ்வாறு செய்தால் அறிக்கை நடுநிலை இழக்கும். இராயல் மெயில் வழக்கு விட்டுச்சென்ற படிப்பினை இந்த வரம்பில் இருந்தது.

நடைமுறையில் வரம்பு மறக்கப்பட்டு, விதி மட்டும் நினைவில் நின்றது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் ஆர்தர் லெவிட் 1998-இல் ஆற்றிய உரையொன்றில், நல்ல ஆண்டில் மிகையாக ஒதுக்கி, மந்தமான ஆண்டில் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டித்தார். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் போட்டு வைக்கும் சாடியைப்போல் நிறுவனங்கள் ஒதுக்கைப் பயன்படுத்துவதாக அவர் கூறினார். கப்பல் நிறுவனம் செய்த அதே வேலை எழுபது ஆண்டுகள் கழித்தும் நடந்துவந்தது.

2010-இல் அனைத்துலகக் கணக்கீட்டுத் தர வாரியம் சட்டகத்தைத் திருத்தியபோது முன்னெச்சரிக்கை என்ற சொல்லையே நீக்கியது. நடுநிலையும் சாய்வும் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது வாரியத்தின் வாதம். ஆனால் அப்போது 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடி அண்மை நினைவு. வங்கிகள் கடன் நட்டத்தை மிகக் குறைவாகவும் மிகத் தாமதமாகவும் கணக்கில் எடுத்தன என்ற குறை எங்கும் பேசப்பட்டது. முன்னெச்சரிக்கையைக் கைவிட்டதால் மேலாளர்களின் மிகை நம்பிக்கைக்குத் தடையில்லாமல் போகும் என்று பல முதலீட்டாளர்கள், குறிப்பாகப் பிரித்தானியாவில் இருந்தவர்கள், எதிர்த்தனர்.

2018 மார்ச்சில் வெளியான திருத்திய சட்டகம் அச்சொல்லை மீட்டது. ஆனால் பொருளைச் சீராக்கியது. முன்னெச்சரிக்கை என்பது உறுதியற்ற நிலையில் தீர்மானிக்கும்போது கொள்ளும் கவனம். அந்தக் கவனம் சொத்தும் வருமானமும் மிகைப்படாமல் காப்பதோடு, அவை குறைவுபடாமலும் காக்க வேண்டும். ஓர் ஆண்டில் இட்ட குறைவான மதிப்பு மற்றோர் ஆண்டில் மிகையாக மாறும் என்பதே அதற்குக் காரணம். இவ்வாறு முன்னெச்சரிக்கை நடுநிலைக்கு எதிரியாக அல்லாமல் அதற்குத் துணையாக வைக்கப்பட்டது.

இலாபமும் நட்டமும் எப்போதும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று சட்டகம் கூறவில்லை. குறிப்பிட்ட தரங்கள் இரண்டுக்கும் வெவ்வேறு வாயிற்படி வைக்கலாம். ஒதுக்குகள் பற்றிய தரத்தின்படி, பொறுப்பு ஏற்படும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால் அதைக் கணக்கில் எழுத வேண்டும். ஆனால் வரக்கூடிய ஆதாயம் ஏறக்குறைய உறுதியானால்தான் அதை எழுதலாம். இது எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வியில் உள்ள வேறுபாடு. எழுத முடிவான பிறகு, எவ்வளவு எழுதுவது என்பதில் மிகச் சிறந்த மதிப்பீட்டையே தரம் கேட்கிறது. கூட்டி எழுதுமாறு கேட்கவில்லை.

எச்சரிக்கை போலத் தோன்றும் நடுநிலை

பெரிய ஒதுக்கைக் கண்டவுடன் அது சாய்வு என்று முடிவுகட்டுவதும் தவறு. ஒரு வங்கி ஒரே தன்மையுள்ள நூறு பேருக்குத் தலா 1 இலட்சம் கடன் கொடுத்துள்ளது என்று கொள்வோம். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டால், கடன் திரும்பிவரவே அதிக வாய்ப்பு. எனவே ஒவ்வொரு கடனுக்கும் நேரக்கூடிய நட்டம் சுழி என்று தோன்றும். ஆனால் நூறு பேரில் நான்கு பேர் தவறுவார்கள் என்று அனுபவம் கூறினால், மொத்தத்தில் எதிர்பார்க்கும் நட்டம் 4 இலட்சம். இங்கு 4 இலட்சம் ஒதுக்குவது சாய்வற்ற மதிப்பீடு. சுழி என்று எழுதுவதே சாய்வு.

நட்டம் நிகழ்ந்ததற்கான சான்று கிடைக்கும்வரை காத்திருந்த பழைய முறை இந்த இடத்தில்தான் தவறியது. 2018 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிதிக் கருவிகள் தரம், எதிர்பார்க்கும் கடன் நட்டத்தை நிகழ்வாய்ப்புகளால் எடையிட்டு, சாய்வின்றி மதிப்பிடச் சொல்கிறது. இதனால் ஒதுக்கு முன்னதாகவே எழுதப்படுகிறது. பார்வைக்கு இது முன்னெச்சரிக்கைபோல் இருந்தாலும், அடிப்படையில் இது நடுநிலையே.

சாய்வை அறியும் வழி

ஒரு மதிப்பீடு தவறாகப் போனது என்பதால் அது சாய்வுடையது ஆகாது. எதிர்காலத்தை அளப்பதில் பிழை இயல்பு. சாய்வற்ற மதிப்பீட்டாளரின் பிழைகள் சில ஆண்டுகளில் மேலாகவும் சில ஆண்டுகளில் கீழாகவும் அமையும். பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் அங்கு சாய்வு உண்டு. ஆகவே அளவைவிடத் திசையையே முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு வேண்டிய விவரத்தை ஆண்டறிக்கையின் விளக்கக் குறிப்புகள் தருகின்றன. ஒதுக்குகள் பற்றிய தரம் ஒவ்வொரு வகை ஒதுக்குக்கும் தொடக்க இருப்பு, அவ்வாண்டு சேர்த்தது, பயன்படுத்தியது, பயன்படாமல் திருப்பியது, இறுதி இருப்பு ஆகியவற்றைக் காட்டச் சொல்கிறது. ஐந்தாறு ஆண்டு அறிக்கைகளை அடுக்கிவைத்து, பயன்படாமல் திருப்பிய தொகையை மட்டும் தனியே எழுதிப் பார்க்கலாம். அது ஒவ்வோர் ஆண்டும் பெரிதாக இருந்தால் ஒதுக்கு தொடர்ந்து மிகையாக இருந்துள்ளது. இலாபம் குறையும் ஆண்டில் மட்டும் அது பெரிதானால், ஒதுக்கு இலாபத்தைச் சமன்செய்யும் கருவியாகியுள்ளது எனக் கொள்ளலாம். மேலே கண்ட கடையின் மூன்றாம் ஆண்டுக் கணக்கில் இத்தகைய அட்டவணை இருந்திருந்தால், 8 இலட்ச இலாபத்தின் பெரும்பகுதி அவ்வாண்டு வியாபாரத்தில் வந்ததல்ல என்று வாசகர் கண்டிருப்பார்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒதுக்கு அல்லாத இடங்களிலும் மிகை எச்சரிக்கை ஒளிந்திருக்கலாம். இயந்திரத்தின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டால் தேய்மானம் இப்போது மிகுந்து பின்னர் குறையும். சரக்கிருப்பை மிகவும் தாழ்த்தி மதிப்பிட்டால் அது விற்கும் ஆண்டில் இலாபம் பொங்கும். இவற்றுக்கு ஒதுக்கைப் போன்ற அட்டவணை கிடைப்பதில்லை. முழுவதும் தேய்ந்ததாக எழுதியும் இன்னும் ஓடும் இயந்திரங்கள், திடீரென உயரும் மொத்த இலாப விகிதம் போன்ற குறிகளே கிடைக்கும்.

இந்தியத் தரத்தில்

இந்தியக் கணக்கீட்டுத் தரம் 1, கணக்கீட்டுக் கொள்கைகளைத் தேர்வதற்கான அடிப்படைகளுள் ஒன்றாக முன்னெச்சரிக்கையைக் குறிப்பிடுகிறது. இலாபத்தை எதிர்நோக்கி எழுதக் கூடாது; தெரிந்த பொறுப்புகளுக்கும் நட்டங்களுக்கும் ஒதுக்கு வேண்டும் என்கிறது. அத்தொகையை உறுதியாகக் கணிக்க முடியாத இடத்தில், கிடைக்கும் தகவலைக் கொண்டு செய்யும் சிறந்த மதிப்பீடாக அது இருக்கலாம் என்றும் அத்தரம் கூறுகிறது. பள்ளி, கல்லூரிப் பாடங்களில் இவ்விதியின் முதற்பாதி மனப்பாடமாகிறது. "சிறந்த மதிப்பீடு" என்ற பிற்பகுதி பெரும்பாலும் விட்டுப்போகிறது. 1906-இன் தீர்ப்புக்கும் 1931-இன் வழக்குக்கும் இடையே உள்ள தூரம் அந்தப் பிற்பகுதியில்தான் அடங்கியுள்ளது.